ஆற்று வெள்ளக் கலங்கலுக்கு ஒரு படிவுத் தொட்டி: வழிவு வீதத்தை வைத்து அளவெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஆற்றை நம்பியிருக்கும் குடிநீர்த் திட்டங்களில் பெரும்பாலானவை ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளில் இருந்துதான் நீர் எடுக்கின்றன. மணலே வடிகட்டிவிடுவதால் மழைக்காலக் கலங்கல் அங்கே பெரிய தொல்லை தருவதில்லை. மணல் அள்ளப்பட்டுப் போன இடத்திலும், படுகை பாறையாக இருக்கும் இடத்திலும் அந்த வசதி கிடையாது. ஓடுகிற நீரையே பம்ப் வைத்து எடுத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் நிறத்தில் வரும் அந்த நீரை நேராக வடிகட்டிக்கு விட்டால் மணற்பரப்பு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் வண்டலை இறக்கிவிட ஒரு தொட்டி வேண்டும்.

அந்தத் தொட்டியை முதன்முதலாக வடிவமைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாமிரபரணி போன்ற ஓர் ஆற்றங்கரையில் 5,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம். ஊரும் ஆய்வு எண்களும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் ஆற்றுக்கு உங்கள் எண்கள் வரும்; முறை மாறாது.

ஆழம் ஏன் கணக்கில் வருவதில்லை

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் வைக்கலாம்?" என்பதுதான். ஆழம் கூடினால் நீர் அதிக நேரம் தங்கும், அதிக வண்டல் இறங்கும் என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904-இல் இந்த எண்ணத்தை உடைத்தார். தனித்தனித் துகளாக இறங்கும் வண்டலைப் பொறுத்தவரை தொட்டியின் ஆழத்துக்கு வேலையே இல்லை, தரைப்பரப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார்.

காரணம் எளிது. 48 சதுர மீட்டர் பரப்பும் 2 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டிக்குள் மணிக்கு 30 கனமீட்டர் நீர் வருகிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் நீர் 96 கனமீட்டர், ஆகவே ஒரு துளி நீர் அங்கே 3.2 மணி நேரம் தங்குகிறது. மேற்பரப்பில் நுழையும் ஒரு துகள் வெளியேறுவதற்குள் தரையைத் தொட வேண்டுமானால் 3.2 மணியில் 2 மீட்டர் இறங்க வேண்டும். அதாவது மணிக்கு 0.625 மீட்டர். இப்போது ஆழத்தை 4 மீட்டராக்குங்கள். தங்கும் நேரம் 6.4 மணி ஆகிறது. ஆனால் துகள் இறங்க வேண்டிய தூரமும் 4 மீட்டர் ஆகிவிட்டது. வகுத்துப் பார்த்தால் அதே 0.625 தான். கூடுதல் நேரத்தைக் கூடுதல் தூரம் தின்றுவிடுகிறது.

அந்த 0.625 என்ற எண்ணைத்தான் வழிவு வீதம் என்கிறோம். களத்தில் ஓவர்ஃப்ளோ ரேட் என்றும் சர்ஃபேஸ் லோடிங் என்றும் சொல்வார்கள். வரும் நீரின் வீதத்தைத் தொட்டியின் தரைப்பரப்பால் வகுத்தால் கிடைப்பது அது.

```
v0 = Q / A
```

அலகு கனமீட்டர்/சதுர மீட்டர்/மணி. சுருக்கினால் மீட்டர்/மணி, அதாவது ஒரு வேகம். இந்த வேகத்தைவிட வேகமாக இறங்கும் துகள்கள் எல்லாம் தொட்டியில் சிக்கும். மெதுவாக இறங்குபவற்றில் ஒரு பங்கு மட்டும் சிக்கும். தொட்டியின் பரப்பைக் கணக்கிட இரண்டு விவரங்கள்தான் வேண்டும்: எவ்வளவு நீர் வருகிறது, உங்கள் ஆற்று வண்டல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது.

முதல் படி: பம்ப் ஓடும்போது வரும் நீர்

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. 5,000 பேருக்கு 275 கனமீட்டர். கசிவுக்கும் கழுவலுக்கும் சேர்த்து 300 கனமீட்டர் என்று வைப்போம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 300-ஐ 24-ஆல் வகுத்து மணிக்கு 12.5 கனமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பம்ப் நாள் முழுக்க ஓடுவதில்லை. நம் ஊரில் 10 மணி நேரம் ஓடுகிறது என்றால், ஓடும் அந்த 10 மணி நேரமும் தொட்டிக்குள் மணிக்கு 30 கனமீட்டர் நுழைகிறது. துகளுக்குத் தெரிந்தது அந்த 30 மட்டுமே. இரவு முழுக்கத் தொட்டி சும்மா கிடந்தது என்பதால் பகலில் அடித்துச் செல்லப்படும் வண்டல் திரும்பி வந்துவிடாது. ஆகவே `Q` = 30.

கையேடுகளில் வழிவு வீதம் நாள் கணக்கில் தரப்பட்டிருக்கும். அவற்றோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். மணிக்கணக்கில் வந்த வேகத்தை 24-ஆல் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். ஒரு நாளில் எடுத்த மொத்த நீரைப் பரப்பால் வகுத்தால், நிறைய இடம் இருப்பதுபோல் ஒரு பொய்யான நிம்மதி கிடைக்கும்.

இந்தப் படியிலேயே ஒரு பெரிய சேமிப்பும் ஒளிந்திருக்கிறது. மின்சாரம் கிடைக்குமானால் சிறிய பம்ப் ஒன்றை 20 மணி நேரம் ஓட்டுங்கள். மணிக்கு 15 கனமீட்டர் போதும், தொட்டியின் பரப்பும் பாதியாகக் குறையும். கான்கிரீட்டைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 10 மணிதான் கிடைக்கிறது என்று கொள்வோம்.

இரண்டாம் படி: வண்டலின் வேகத்தை அளப்பது

துகளின் விட்டமும் அடர்த்தியும் தெரிந்தால் ஸ்டோக்ஸ் விதியால் இறங்கும் வேகத்தைக் கணக்கிடலாம். ஆனால் ஆற்று வண்டல் உருண்டையும் அல்ல, ஒரே அளவும் அல்ல. ஒரு குழாயில் நேரடியாக அளந்துவிடுவது எளிது, நம்பகமானதும்கூட.

15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் 2 மீட்டர் நீளத்துக்கு வாங்கி, ஒரு முனையை மூடியால் அடைத்து நேராக நிறுத்துங்கள். நிரப்பிய நீர்மட்டத்துக்குச் சரியாக 1 மீட்டர் கீழே ஒரு சிறு குழாய்த் திறப்பு வையுங்கள். அதன் உள்முனை குழாயின் நடுவரை நீண்டிருக்கட்டும். சுவரோரத்து நீர் சரியான மாதிரி ஆகாது. வெயில் படாத இடத்தில் வைப்பது கட்டாயம். ஒரு பக்கம் சூடேறினால் உள்ளே நீர் சுழன்று, இறங்கும் துகளைத் தூக்கிவிடும்.

மாதிரி நீரை வெள்ளம் ஓடும் நாளில் எடுங்கள், எடுத்த அன்றே ஆய்வையும் முடித்துவிடுங்கள். கோடையில் எடுத்த தெளிந்த நீரைச் சோதித்துப் பயனில்லை. குழாயில் ஊற்றியதும் மேலும் கீழுமாகக் கலக்கி, உடனே முதல் மாதிரியை எடுங்கள். பிறகு 20 நிமிடம், 1 மணி, 2 மணி, 4 மணி என்ற நேரங்களில் திறப்பிலிருந்து 100 மில்லி வீதம் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் திறப்பில் தேங்கிய கொஞ்ச நீரை முதலில் விட்டுவிட வேண்டும். மாதிரிகளை வடிதாளில் வடித்து, 105 டிகிரியில் உலர்த்தி எடைபோட்டால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைக்கும். குடிநீர் ஆய்வகங்களில் இதைச் செய்து தருவார்கள். கலங்கல்மானி காட்டும் என்டியு எண்ணை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எடை குறைந்த நுண்களி ஒளியை அதிகம் சிதறடிக்கும், பருவண்டல் குறைவாகச் சிதறடிக்கும்; வண்டல் பாதி இறங்கிய பிறகும் என்டியு கொஞ்சமே குறைந்திருக்கும்.

இந்த ஆய்வின் அழகு ஒன்றில் இருக்கிறது. 1 மணி நேரம் கழித்து 1 மீட்டர் ஆழத்தில் எடுத்த நீரில், மணிக்கு 1 மீட்டரைவிட வேகமாக இறங்கும் துகள் ஒன்றுகூட இருக்காது. மேற்பரப்பிலிருந்து புறப்பட்டதும்கூட அதற்குள் திறப்பைத் தாண்டிப் போயிருக்கும். எனவே அந்த மாதிரியில் மிச்சமிருப்பது அதைவிட மெதுவானவை மட்டும். விட்டமோ அடர்த்தியோ தெரியாமலே வேகவாரியான பங்கீடு கைக்கு வந்துவிடுகிறது.

நம் எடுத்துக்காட்டில் தொடக்க அளவு லிட்டருக்கு 800 மில்லிகிராம். கிடைத்தவை இப்படி:

| நேரம் | வேகம் (மீ/மணி) | மிச்சம் (மி.கி/லி) | மெதுவானவற்றின் பங்கு |
|---|---|---|---|
| 20 நிமிடம் | 3.0 | 440 | 55% |
| 1 மணி | 1.0 | 280 | 35% |
| 2 மணி | 0.5 | 200 | 25% |
| 4 மணி | 0.25 | 144 | 18% |

மூன்றாம் படி: எந்த வீதத்தைத் தேர்வது

வழிவு வீதத்தை மணிக்கு 1 மீட்டர் என்று வைத்தால், அதைவிட வேகமான 65 சதவீதம் முழுதாகச் சிக்கும். மெதுவானவற்றிலும் கொஞ்சம் சிக்கும். மணிக்கு அரை மீட்டர் இறங்கும் துகள் தொட்டியின் மேற்பாதியில் நுழைந்தால் தப்பிவிடும், கீழ்ப்பாதியில் நுழைந்தால் தரையைத் தொட்டுவிடும். ஆகவே அவற்றில் பாதி சிக்கும். பொதுவாகச் சொன்னால், துகளின் வேகத்தை வழிவு வீதத்தால் வகுத்த பங்கு அது.

அட்டவணையில் 0.5-க்கும் 1.0-க்கும் இடைப்பட்டவை 10 சதவீதம். அவற்றின் சராசரி வேகம் 0.75, எனவே சிக்குவது 7.5. அடுத்து 0.25-க்கும் 0.5-க்கும் இடைப்பட்ட 7 சதவீதத்தின் சராசரி 0.375, சிக்குவது 2.6. அதற்கும் கீழே உள்ளவை பெரும்பாலும் நுண்களி என்பதால் அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கூட்டினால் 75 சதவீதம்.

இதே கணக்கை வேறு இரண்டு வீதங்களுக்கும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 62 சதவீதம் வரும், 0.5 என்று வைத்தால் 80 சதவீதம் வரும். பரப்பாகச் சொன்னால், 10 சதுர மீட்டரில் 62, 30 சதுர மீட்டரில் 75, 60 சதுர மீட்டரில் 80. முதல் 10 சதுர மீட்டரே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகிறது. மும்மடங்காக்கினால் இன்னும் 13 கிடைக்கிறது, அதையும் இரட்டிப்பாக்கினால் வெறும் 5. மிஞ்சி நிற்பது களி. தண்ணீரின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கையில் 2 மைக்ரான் அளவுள்ள களித்துகள் 2 மீட்டர் இறங்க 5 நாளுக்கு மேல் ஆகும். எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் அதைப் பிடிக்க முடியாது. அதற்குப் படிகாரம்தான் வேண்டும். ஆகவே இந்த நீருக்கு மணிக்கு 1 மீட்டரோடு நிற்பதுதான் என் தேர்வு. வளைவு எங்கே படுக்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேறோர் ஆற்றில் அந்த இடம் வேறாக இருக்கும்.

ஆனால் குழாயில் நீர் அசையாமல் நின்றது. தொட்டியில் அது ஓடும், சுழலும், குறுக்குவழி தேடும். இந்த வித்தியாசத்துக்காக ஆய்வில் கிடைத்த வீதத்தை 0.65 முதல் 0.85 வரையிலான எண்ணால் பெருக்கிக் குறைப்பது வழக்கம். சிறு திட்டத்தில் பம்ப் நின்று நின்று ஓடும், மேற்பார்வையும் குறைவாக இருக்கும் என்பதால் 0.65 எடுக்கிறேன். வடிவமைப்பு வீதம் மணிக்கு 0.65 மீட்டர் ஆகிறது. நாள் கணக்கில் 15.6. படிகாரம் சேர்க்காத படிவுத் தொட்டிக்கு இந்திய அரசின் குடிநீர்க் கையேடு வழக்கமாகச் சொல்லும் அளவு 15 முதல் 30 வரை. நம் எண் அதன் கீழ்விளிம்பில் பாதுகாப்பாக விழுகிறது. ஆய்வு செய்யவே வழியில்லாத நிலையில் அந்தக் கீழ்விளிம்பையே எடுத்துக்கொள்ளலாம். ஆய்வின் முடிவு அந்த வரம்புக்கு வெகு வெளியே விழுந்தால், முதலில் ஆய்வைச் சந்தேகியுங்கள்.

நான்காம் படி: நீளம், அகலம், ஆழம்

30-ஐ 0.65-ஆல் வகுத்தால் 46 சதுர மீட்டர். இதை ஒரே தொட்டியாகக் கட்டாதீர்கள். இரண்டாகக் கட்டினால் ஒன்றைக் கழுவும்போது பம்ப் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து மற்றதில் விடலாம், ஊருக்கு நீர் நிற்காது. ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். இரண்டும் சேர்ந்து 48 சதுர மீட்டர், உண்மையான வழிவு வீதம் மணிக்கு 0.625 மீட்டர். நீளம் அகலத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து மடங்கு வரை வைப்பது நல்லது. சதுரமாக வைத்தால் மூலைகளில் நீர் தேங்கி, நடுவில் மட்டும் ஓடும். இந்த 10 மீட்டர் படிவதற்கான நீளம் மட்டும்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். நுழைவுப் பகுதிக்கும் வெளியேறும் பகுதிக்கும் தலா ஒரு மீட்டராவது தனியாக வேண்டும்.

ஆழம் வண்டல் பிடிப்பதைத் தீர்மானிக்காது என்றேன். ஆனால் அது வேறு வேலைகளுக்குத் தேவை. மிகவும் ஆழம் குறைந்தால் நீர் வேகமாக ஓடி, படிந்த வண்டலையே கிளப்பிவிடும். நுழைவில் வரும் குலுக்கல் அடங்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். 2 மீட்டர் வைத்தால் தங்கும் நேரம் 3.2 மணி, கிடைமட்ட வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த அளவு வண்டலைக் கிளப்ப நொடிக்கு 50 மில்லிமீட்டர் போல வேண்டும் என்பதால் அந்தப் பயம் இல்லை. இதற்குக் கீழே சகதிக்கு இடமும், மேலே 30 சென்டிமீட்டர் வெற்று விளிம்பும் சேர்க்க வேண்டும்.

நுழைவும் வெளியேற்றமும்

பரப்பு சரியாக இருந்தும் தொட்டி வேலை செய்யவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான் இருக்கும். நாம் போட்ட கணக்கு, நீர் முழு அகலத்திலும் முழு ஆழத்திலும் சீராக நகர்வதாக வைத்துக்கொண்ட கணக்கு. பம்ப் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துபோகும். நீர் ஒரு பாய்ச்சலாக மறுமுனைக்குப் போய்விடும், இருபக்கத்து நீரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

குழாயை முதலில் ஒரு மீட்டர் நீள அடங்கல் அறைக்குள் விட்டு, அதற்கும் தொட்டிக்கும் நடுவே துளையிட்ட தடுப்புச்சுவர் ஒன்று எழுப்புங்கள். துளைகளின் வழியே நீர் நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் போகும்படி வைத்தால், சுவருக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தம் தேங்கி எல்லாத் துளைகளிலும் நீர் ஏறத்தாழ சமமாகப் பிரியும். ஒரு தொட்டிக்கு மணிக்கு 15 கனமீட்டர். 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 12 துளைகள் போட்டால் வேகம் 0.18 வரும், நான்கு நிரல், மூன்று வரிசை. சுவரின் கனம் துளையின் விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் நீர் நேராக வெளிவரும். கீழ் வரிசை சகதி மட்டத்துக்கு மேலே இருப்பது முக்கியம்.

இந்தச் சுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. லிட்டருக்கு 800 மில்லிகிராம் வண்டல் சுமந்துவரும் நீர், தெளிந்த நீரைவிடக் கனமீட்டருக்கு அரைக் கிலோ கனமானது. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் ஏறக்குறைய 2 டிகிரி குளிர்ந்த நீர் எப்படிக் கீழே போகுமோ, அப்படியே இந்தக் கலங்கல் நீரும் தரைக்கு முங்கி, அடியோடு ஊர்ந்து, மறுமுனைச் சுவரில் முட்டி மேலே ஏறி வெளியேறப் பார்க்கும். மேலே பார்த்தால் தொட்டி முழுக்கத் தெளிவாக இருக்கும். கடைசி ஒரு மீட்டரில் மட்டும் கலங்கல் புகைந்தெழும். அப்படிக் கண்டால் பரப்பைக் கூட்ட வேண்டாம். துளைச்சுவரைச் சரிசெய்து, நீளத்தின் நடுவில் இன்னொரு துளைச்சுவரையும் சேருங்கள்.

வெளியேற்றத்தில், நீர் முழு அகலத்திலும் மெல்லிய படலமாக வழிய வேண்டும். நம் தொட்டியில் 2.4 மீட்டர் விளிம்பின் மேல் மணிக்கு 15 கனமீட்டர் வழிகிறது. நாள் கணக்கில் மீட்டருக்கு 150 கனமீட்டர். வழக்கமான வரம்பு 300 என்பதால் இதில் சிக்கல் இல்லை. சிக்கல் மட்டத்தில் வருகிறது. தட்டையான விளிம்பாக இருந்தால் அதன் மேல் நீர் 10 மில்லிமீட்டர் உயரமே நிற்கும். கொத்தனார் ஒரு முனையை மறுமுனையைவிட 10 மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டால், தாழ்ந்த முனையில் உயர்ந்த முனையைப்போல் ஐந்து மடங்கு நீர் வழியும். தொட்டியின் அந்தப் பக்கம் வேகம் கூடி வண்டலை இழுத்துப் போகும். இரண்டரை மீட்டர் சிமெண்ட் விளிம்பை அந்த நுட்பத்தில் பூசி எடுப்பது கடினம்.

அதனால் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ‘வி’ வெட்டுகள் போட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வையுங்கள். 12 வெட்டுகளில் நீர் 36 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். அதே 10 மில்லிமீட்டர் சாய்வு இருந்தால்கூட வித்தியாசம் இரண்டு மடங்கோடு நின்றுவிடும். தகட்டின் போல்ட் துளைகளை நீள்துளையாக வெட்டச் சொல்லுங்கள். தொட்டியை நிரப்பிய பிறகு, நிற்கும் நீரையே மட்டமாக வைத்துத் தகட்டை ஏற்றி இறக்கிப் பொருத்திவிடலாம். ரசமட்டத்தைவிட இது துல்லியமானது.

சகதிக்கு இடம்

சகதியின் கனஅளவையும் ஊகிக்கத் தேவையில்லை. அதே வெள்ள நீரை 1 லிட்டர் அளவு உருளையில் ஊற்றி ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடியில் 2 மில்லி படிந்தால், நாளுக்கு 300 கனமீட்டர் நீரிலிருந்து 0.6 கனமீட்டர் சகதி வரும். ஒரு தொட்டிக்கு 0.3. சராசரி அரை மீட்டர் ஆழமுள்ள சகதிப் பகுதி 12 கனமீட்டர் கொள்ளும் என்பதால் 40 நாள் தாங்கும் என்று தோன்றும். ஆனால் பருவண்டல் எல்லாம் நுழைவுப் பக்கத்து முதல் சில மீட்டருக்குள்ளேயே குவிந்துவிடும். அங்கே மேடு துளைச்சுவரின் கீழ் வரிசையைத் தொடும்போதே தொட்டி நிறைந்ததாகத்தான் பொருள். ஆகவே கணக்கில் பாதி, 20 நாள் என்று வையுங்கள்.

இதற்கேற்ப தரையை நுழைவுப் பக்கம் தாழ்த்துங்கள். அங்கே சகதிக்கு 75 சென்டிமீட்டர், வெளியேறும் பக்கம் 25 சென்டிமீட்டர். 10 மீட்டருக்கு அரை மீட்டர் சரிவு கிடைக்கும். வால்வைத் திறந்து, குழாய் நீரைப் பீய்ச்சினால் சகதி தானே இறங்கி வரும். கழிவு வால்வு 150 அல்லது 200 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கட்டும். சிறியது வைத்தால் முதல் வெள்ளத்திலேயே அடைத்துக்கொள்ளும், பிறகு ஆள் இறங்கி மண்வெட்டியால் அள்ள வேண்டிவரும். சகதியைத் திரும்ப ஆற்றில் விடுவதாக இருந்தால், நீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே விடுங்கள்.

வெயில் நாளில் சகதியை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அதிலுள்ள இலைதழை அழுகும். கறுப்புக் கட்டிகள் வாயுக்குமிழியோடு மேலே மிதந்து வருவது அதன் அடையாளம். அதற்குப் பிறகு அடுத்த நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே திறந்து கழுவிவிடுங்கள்.

நிரப்பிய பிறகு சோதிப்பது

நீர் உண்மையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைச் சாப்பாட்டு உப்பாலும் மின்கடத்துமானியாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு தொட்டிக்கு 2 கிலோ உப்பை 200 லிட்டர் டிரம்மில் கரைத்து, நுழைவுக் குழாயில் 20 நிமிடம் பரவலாக விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் உப்புநீர் கனத்தால் தரைக்கு முங்கித் தவறான நேரத்தைக் காட்டும். பிறகு வெளியேறும் நீரின் மின்கடத்துத்திறனை 10 நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வாருங்கள். கணக்குப்படி தங்கும் நேரம் 192 நிமிடம். எந்தத் தொட்டியிலும் உச்சம் அதைவிடச் சற்று முன்பே வரும், அதில் தவறில்லை. 20, 30 நிமிடத்திலேயே எண் ஏறத் தொடங்கினால் நீர் குறுக்குவழியில் ஓடுகிறது என்று பொருள். நுழைவுச்சுவரையும் விளிம்புத் தகட்டையும் பாருங்கள்.

வெள்ளக் காலத்தில் நுழையும் நீரையும் வெளியேறும் நீரையும் எடைபோட்டு, 75 சதவீதத்துக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். காலையில் பம்ப் போட்ட முதல் அரைமணியில் எடுத்த மாதிரி வேண்டாம். இரவெல்லாம் தெளிந்து நின்ற நீர்தான் அப்போது வெளியே வரும், தொட்டி அற்புதமாக வேலை செய்வதுபோல் காட்டும். பம்ப் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு எடுங்கள்.

சில ஆண்டுகள் நன்றாக ஓடிய தொட்டி திடீரென்று கலங்கலை விடத் தொடங்கினால், முதலில் பம்ப் அறைக்குப் போங்கள். பழைய மோட்டார் எரிந்து, மணிக்கு 45 கனமீட்டர் இறைக்கும் புதியதை யாராவது மாட்டியிருக்கலாம். ஊருக்குச் சீக்கிரம் நீர் நிறைகிறது என்று எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். தொட்டியிலோ வழிவு வீதம் 0.625-இலிருந்து 0.94-க்கு ஏறியிருக்கும். பம்பின் வெளியேற்று வால்வைச் சற்று மூடி, ஓட்டத்தை 30-க்குக் குறைப்பது உடனடி மருந்து.

அதிக நீர் நிரந்தரமாகத் தேவை, நிலமோ இல்லை என்ற நிலையில் ஹேசன் காட்டிய வழியே மறுபடியும் உதவும். தேவைப்படுவது பரப்பு என்றால், அதை ஒன்றின்மேல் ஒன்றாகவும் அடுக்கலாம். 60 டிகிரி சாய்வில் பிளாஸ்டிக் குழாய்களையோ தகடுகளையோ வெளியேறும் பக்கத்து நீருக்குள் அடுக்கினால், அதே தரையில் பல மடங்கு படிவுப்பரப்பு கிடைக்கும். படிந்த வண்டல் சாய்வில் தானே சறுக்கிக் கீழே விழும். டியூப் செட்லர் என்று கடைகளில் கிடைப்பது இதுதான். பெரிய ஓட்டத்துக்கு அந்தத் தொட்டியின் நுழைவுத் துளைகளையும் வெளியேற்ற விளிம்பின் நீளத்தையும் சகதிக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

வெளியே வரும் நீரில் இன்னும் லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவுக்குக் களியும் நுண்வண்டலும் இருக்கும். இந்தியத் தரநிலை குடிநீருக்கு ஏற்கும் கலங்கல் 1 என்டியு, வேறு வழியில்லாதபோது 5. எனவே அடுத்து வருவது படிகாரம் கலக்கும் தொட்டியும் திரள் படியும் தொட்டியும். படிகாரத் திரள் இறங்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து வேகம் கூடும் என்பதால், அங்கே ஆழத்துக்கும் தங்கும் நேரத்துக்கும் உண்மையாகவே பங்கு உண்டு. இங்கே போட்ட கணக்கை அந்தத் தொட்டிக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அதற்குப் படிகாரத்தின் அளவைக் கண்டறியும் ஜாடிச் சோதனையும், பல ஆழங்களில் திறப்பு வைத்த குழாய் ஆய்வும் தனியாகச் செய்ய வேண்டும்.